குரோம் தொறக்குது, ஆப் மட்டும் தொறக்கல: டிஎல்எஸ் 1.0 நின்னுபோன ஒரு வாரம்

## பின்னணி

இது 2021 நடுவுல நடந்தது. ஒரு நிறுவனம், ஒரு பெரிய கோடவுன், ஒரு ஆபீஸ். ஸ்டாக் எல்லாத்தையும் ஒரு வெப் அப்ளிகேஷன்ல பதியுறாங்க. சர்வரை பாத்துக்கறது நாங்க ரெண்டு பேர், நானும் என்னோட வேலை பாக்குற ஒருத்தரும். நாங்க அந்த நிறுவனத்து ஸ்டாஃப் இல்ல, வெளியில இருந்து மெயின்டெனன்ஸ் பண்றவங்க.

அந்த சர்வரோட பேசுறது மூணு விதம். ஆபீஸ்ல பிரௌசர்ல வேலை பாக்குறவங்க ஒரு பக்கம். கோடவுன்ல பதினாலு ஹேண்ட்ஹெல்ட், அதாவது பார்கோடு ஸ்கேன் பண்ற கைக்கருவி, எல்லாமே ஆண்ட்ராய்டு 4.4, அதுக்குள்ள இதுக்குன்னே எழுதுன ஒரு ஆப். மூணாவது பில்லிங் கவுன்டர்ல ஒன்பது விண்டோஸ் 7 பிசி, அதுல டாட்நெட் 4.5-ல எழுதுன ஒரு டெஸ்க்டாப் புரோகிராம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை 2020 ஜனவரியிலேயே நிறுத்திட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா மெஷின் ஓடுது, அதனால யாரும் கைய வைக்கல.

சர்வர் உபுண்டு 18.04-ல இருந்துச்சு. ஒரு சனிக்கிழமை ராத்திரி அதை 20.04-க்கு மாத்துனோம். அதே ராத்திரி டேட்டாபேஸ் வெர்ஷனும் ஏறுச்சு. முடிச்சதும் எங்க லேப்டாப்ல தொறந்து பாத்தோம், வந்துச்சு. மானிட்டரிங் பச்சை. தூங்கப் போயிட்டோம்.

## திங்கக்கிழமை காலையில என்ன பாத்தோம்

காலையில ஏழரைக்கு கோடவுன்ல இருந்து போன். ஹேண்ட்ஹெல்ட் எல்லாத்துலயும் "நெட்வொர்க் இல்லை"ன்னு வருது. ஆபீஸ்ல பிரௌசர்ல எந்த பிரச்சனையும் இல்ல. சர்வர்ல ஆக்சஸ் லாகை பாத்தா ஆபீஸ் ட்ராஃபிக் வழக்கம்போல ஓடுது, ஹேண்ட்ஹெல்ட்ல இருந்து ஒரு வரி கூட இல்ல. எர்ரர் லாகும் காலி.

சர்வர் பக்கம் ஒரு தடயமும் இல்ல, அந்தப் பக்கம் மெஷினே நெட்வொர்க் இல்லைன்னு சொல்லுது, அப்ப யாரா இருந்தாலும் வைஃபைதான்னு நினைப்பாங்க, நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆக்சஸ் பாயின்ட்டை ரீஸ்டார்ட் பண்ண சொன்னோம். ரௌட்டரை ரீஸ்டார்ட் பண்ண சொன்னோம். ஒரு ஹேண்ட்ஹெல்ட்டை ஃபேக்டரி ரீசெட் பண்ணவும் சொன்னோம், அது நாங்க செஞ்சதிலேயே மோசமான வேலை, ஏன்னா அந்த ஆப்போட செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சு போய் அந்த ஒரு மெஷினை திரும்ப ஒழுங்கு பண்ண ரெண்டு நாள் ஆச்சு.

ஒன்பதரை வாக்குல பில்லிங் கவுன்டர்ல இருந்தும் போன். அங்க திரையில வந்த மெசேஜ் கொஞ்சம் நேர்மையானது:

```
The request was aborted: Could not create SSL/TLS secure channel.
```

இதை பாத்ததும் சர்டிஃபிகேட்டை சந்தேகப்பட்டோம், ஏன்னா மைக்ரேஷன் அப்ப சர்டிஃபிகேட்டும் புதுப்பிச்சிருந்தோம். அதுல ஒரு மணி நேரம் போச்சு. இப்ப திரும்பி பாத்தா அந்த மெசேஜ்ல சர்டிஃபிகேட்ங்கற வார்த்தையே இல்ல. தேதி தப்பா இருந்தாலோ, ரூட் சர்டிஃபிகேட் அந்த மெஷின்ல இல்லாம போனாலோ வர்ற மெசேஜ் வேற மாதிரி இருக்கும், நம்பிக்கை இல்ல, காலாவதி, பேரு பொருந்தலன்னு ஏதாவது ஒண்ணை சொல்லும். இது சேனலையே உருவாக்க முடியலன்னு சொல்லுது, அதாவது சர்டிஃபிகேட்டை எடுத்துப் பாக்குற கட்டத்துக்கே போகல. அந்த வித்தியாசத்தை அப்பவே கவனிச்சிருக்கணும்.

திருப்பம் கொடுத்தது கோடவுன் சூப்பர்வைசர். போன்ல ரொம்ப சாதாரணமா சொன்னாரு, "சார், அதே மெஷின்ல குரோம்ல போட்டா நம்ம சைட் தொறக்குது சார், ஆப்ல மட்டும்தான் வரல." அந்த ஒரு வரியில வைஃபை, ரௌட்டர், டிஎன்எஸ், சர்டிஃபிகேட் நாலும் ஒரே அடியில அடிபட்டு போச்சு. ஒரே மெஷின், ஒரே நெட்வொர்க், ஒரே அட்ரஸ். மாறுறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கனெக்ஷனை போடுறது யாரு.

கவுன்டர் பிசியிலயும் பாக்க சொன்னோம். ஃபயர்ஃபாக்ஸ்ல தொறக்குது, பில்லிங் புரோகிராம்ல தொறக்கல. அதே கதை.

## வயர்ல என்ன ஓடுச்சு

சர்வர்ல பாக்கெட்டை புடிச்சோம்:

```
tcpdump -ni eth0 -w cap.pcap 'tcp port 443'
```

வயர்ஷார்க்ல தொறந்து பாத்ததும் அஞ்சு நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சு போச்சு. இதை கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

எச்டிடிபிஎஸ் கனெக்ஷனை ரகசியமா வைக்கற பேச்சு முறைக்குத்தான் டிஎல்எஸ்னு பேரு, அதுல 1.0, 1.1, 1.2, 1.3-ன்னு வெர்ஷன் உண்டு. கனெக்ஷன் தொடங்கும்போது முதல்ல பேசுறது கிளையன்ட், அதாவது சர்வரை கூப்பிடற பக்கம். அது அனுப்புற முதல் மெசேஜுக்கு ClientHello-ன்னு பேரு. அதுல "எனக்கு தெரிஞ்ச அதிகபட்ச வெர்ஷன் இது"ன்னு ஒரு நம்பர் இருக்கும். சர்வர் அந்த நம்பரையோ அதுக்கு கீழ ஒண்ணையோ தேர்ந்தெடுத்து பதில் சொல்லும். டிஎல்எஸ் 1.0-க்கு அந்த நம்பர் `03 01`, 1.2-க்கு `03 03`. (1.3-ல இதை வேற ஒரு நீட்சியில போட்டு அனுப்புறாங்க, பழைய இடத்துல `03 03`-ஏ நிக்கும்.) கிளையன்ட் சொல்ற அதிகபட்சம் சர்வர் ஏத்துக்கற குறைந்தபட்சத்தை விட கீழ இருந்தா பேச்சு அங்கயே முடிஞ்சுது. சர்வர் ஒரு அலர்ட் அனுப்பிட்டு கனெக்ஷனை மூடிடும். அந்த அலர்ட்டோட பேரு protocol_version, நம்பர் 70, ஹெக்ஸ்ல 46. எங்க கேப்சர்ல ஹேண்ட்ஹெல்ட்ல இருந்து வந்த ஒவ்வொரு கனெக்ஷனும் இப்படித்தான், உள்ள `03 01`, பதிலுக்கு `02 46`, முடிஞ்சுது. முதல் `02` இது ஃபேட்டல்னு சொல்றது.

இங்க ஒரு சின்ன கண்ணி இருக்கு, என்னோட வேலை பாக்குறவர் அதுல விழுந்தாரு. பாக்கெட்டோட ஆரம்பத்துலயே வெளி உறையில ஒரு வெர்ஷன் நம்பர் இருக்கும், புது குரோம் அனுப்புறதுல கூட அது `03 01`-ன்னு இருக்கலாம், பழைய சர்வர்கள் குழம்பக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. பாக்க வேண்டியது உள்ள ClientHello-க்குள்ள இருக்கற நம்பரை. அவரு வெளி உறையை பாத்துட்டு "குரோமும் 1.0-தான் பேசுது"ன்னு ஒரு பத்து நிமிஷம் சாதிச்சாரு.

ஆக்சஸ் லாக் ஏன் காலின்னு இப்ப புரியும். ஆக்சஸ் லாக்ல வரி விழணும்னா எச்டிடிபி ரிக்வெஸ்ட்னு ஒண்ணு வந்திருக்கணும், இங்க அதுக்கு முன்னாடியே கதவு சாத்தியாச்சு. எர்ரர் லாக்ல ஏன் இல்லன்னா, இந்த மாதிரி ஹேண்ட்ஷேக், அதாவது தொடக்கப் பேச்சு, தோக்கறதை கிளையன்ட் பக்க தப்புன்னு எடுத்துக்கிட்டு எங்க வெப் சர்வர் புரோகிராமான என்ஜின்எக்ஸ் info லெவல்லதான் எழுதும், எங்க எர்ரர் லாக் error லெவல்ல இருந்துச்சு. லெவலை மாத்துன உடனே `unsupported protocol`-ன்னு வரிவரியா கொட்டுச்சு.

இன்னொண்ணும் இதுலயே அடங்கியிருக்கு. பழைய மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு "உங்க பிரௌசர் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு ஒரு பக்கம் காட்டக் கூடாதான்னு கோடவுன் மேனேஜர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா அந்த பக்கத்தை அனுப்பவே அந்த கனெக்ஷன்தானே வேணும், அதுதான் நிக்க மாட்டேங்குதே. நேத்து வரைக்கும் ஓடுன மெஷின் இன்னைக்கு எந்த விளக்கமும் இல்லாம செத்த மாதிரி தெரியறதுக்கு காரணம் இதுதான்.

## யாரும் நிறுத்தல, ஆனா நின்னுச்சு

அடுத்து எங்களுக்குள்ள ஒரு சண்டை. 1.0-ஐ யாரு நிறுத்துனது? கான்ஃபிக்ல அப்படியே இருக்கு:

```
ssl_protocols TLSv1 TLSv1.1 TLSv1.2 TLSv1.3;
```

என்ஜின்எக்ஸுக்கு அடியில டிஎல்எஸ் பேசற லைப்ரரி ஓபன்எஸ்எஸ்எல், அதோட வெர்ஷனை பாத்தா பழைய சர்வர்லயும் 1.1.1, புதுசுலயும் 1.1.1. எதுவுமே மாறாத மாதிரி தெரியுது. மாறுனது என்னன்னா உபுண்டு 20.04-ல அந்த லைப்ரரியை பில்ட் பண்ணும்போதே டீஃபால்ட் செக்யூரிட்டி லெவலை 1-ல இருந்து 2-க்கு ஏத்தி, லெவல் 2-ல டிஎல்எஸ் 1.2-க்கு கீழ எதுவும் கூடாதுன்னு வச்சுட்டாங்க. ரிலீஸ் நோட்ஸ்ல எழுதியிருக்கு, நாங்க படிக்கல. ஆக என்ஜின்எக்ஸ் "1.0 இருக்கட்டும்"னு சொல்லுது, அடியில இருக்கற லைப்ரரி "இல்ல"ங்குது, லைப்ரரி சொல்றதுதான் நடக்கும். வார்னிங் எதுவும் வராது.

சோதிக்கும்போது இதே விஷயம் எங்களை இன்னொரு தடவை ஏமாத்துச்சு. நான் லேப்டாப்ல இருந்து

```
openssl s_client -connect app.example.org:443 -tls1
```

போட்டேன், தோத்துச்சு, "பாரு சர்வர் மறுக்குது"ன்னேன். ஆனா என் லேப்டாப்பும் 20.04. `no protocols available`-ன்னு வந்தது சர்வர் சொன்ன பதில் இல்ல, என் லேப்டாப்பே 1.0-ல பேச மாட்டேன்னு நின்னுக்கிச்சு. கடைசியில `-cipher 'DEFAULT@SECLEVEL=0'` சேத்து போட்டப்பதான் சர்வரோட உண்மையான பதில், அந்த 70-ஆம் நம்பர் அலர்ட், வந்துச்சு. பழைய வெர்ஷனை புது மெஷின்ல இருந்து சோதிக்கற யாரா இருந்தாலும் முதல்ல தன் மெஷினே பேசுதான்னு பாத்துக்கணும்.

ஏன் லைப்ரரிகாரங்க இப்படி பண்ணாங்கன்னா அது திடீர்னு வந்த முடிவு இல்ல. டிஎல்எஸ் 1.0 வந்தது 1999-ல, 1.2 வந்தது 2008-ல, 1.3 வந்தது 2018-ல. 1.0-ம் 1.1-ம் ஹேண்ட்ஷேக்ல எம்டி5, ஷா-1 மாதிரி பலவீனமான ஹாஷை நம்பி நிக்குது, இப்ப பயன்படுத்தற நல்ல சைஃபர்கள் 1.2-ல இருந்துதான் உண்டு. கார்டு பேமென்ட் விதிகள்ல 2018 ஜூன் 30-க்குள்ள 1.0-ஐ விட்டு வெளிய வரணும்னு சொன்னாங்க. அதே வருஷம் அக்டோபர்ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நாலு பேரும் சேந்து 2020-ல நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. ஃபயர்ஃபாக்ஸ் 2020 மார்ச்ல நிறுத்திட்டு, கொரோனா தகவல் சொல்ற சில அரசாங்க சைட்டே தொறக்காம போகும்னு திரும்ப ஆன் பண்ணி, சில மாசம் கழிச்சு மறுபடி நிறுத்துனது தனிக்கதை. 2021 மார்ச்ல ஆர்எஃப்சி 8996 வந்து ரெண்டையும் அதிகாரபூர்வமா ஓரங்கட்டுச்சு. ஆக நாங்க அப்கிரேட் பண்ண சமயத்துல நாடே காலி பண்ணிட்டு போன வீட்டுல நாங்க மட்டும் குடியிருந்துருக்கோம், அதுவும் தெரியாமலே.

## அப்ப குரோம் ஏன் தொறந்துச்சு

கேஸோட மையமே இதுதான். மெஷின் எத்தனை வயசுங்கறது இங்க முடிவு பண்றதில்ல. அந்த புரோகிராமுக்காக டிஎல்எஸ் பேசுறது யாரு, அதோட டீஃபால்ட் என்னங்கறதுதான் முடிவு பண்ணுது.

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் டிஎல்எஸ் பேசற லைப்ரரியை தங்களுக்குள்ளயே வச்சிருக்கு. மெஷின் 2013-ஆ இருந்தாலும் குரோம் 2020-ல அப்டேட் ஆகியிருந்தா அது 2020-ஐ பேசும். ஆப் அப்படி இல்ல, அது ஆண்ட்ராய்டுகிட்ட "ஒரு கனெக்ஷன் குடு"ன்னு கேக்குது. ஆண்ட்ராய்டு 4.4-க்கு 1.2 தெரியும், ஆனா டீஃபால்ட்டா ஆன்ல இல்ல, ஆப் தனியா கேட்டாதான் தரும். 5.0-ல இருந்துதான் கேக்காமலே தர ஆரம்பிச்சுது. எங்க ஆப்பை எழுதுனவங்க கேக்கல, அவங்க எழுதுன காலத்துல கேக்க வேண்டிய தேவையும் இல்ல.

டாட்நெட் 4.5-ம் இதே ரகம்தான். 1.2 தெரியும், டீஃபால்ட்டா பயன்படுத்தாது. 4.6-க்கு எழுதுன புரோகிராம்ல இருந்து டீஃபால்ட் மாறுச்சு. ஜாவா 7-ம் அப்படித்தான், ஜாவா 8-ல சரியாச்சு. ஜாவாவை இங்க ஏன் இழுக்கறேன்னு கொஞ்சம் பொறுங்க.

## எடுத்த முடிவுகள்

மத்தியானம் ரெண்டு மணி. கோடவுன்ல லோடு வண்டி நிக்குது, ஆளுங்க பேப்பர்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. மூணு வழி இருந்துச்சு.

பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்பலாம். ஆனா டேட்டாபேஸ் வெர்ஷன் ஏறியாச்சு, காலையில இருந்து ஆபீஸ்ல பதிஞ்சது எல்லாம் போயிடும். வேண்டாம்னோம்.

கருவி எல்லாத்தையும் உடனே சரி பண்ணலாம். ஆப்போட சோர்ஸ் கோடு யார்கிட்டயும் இல்ல, எழுதுனவங்களை புடிக்க முடியல. அது அன்னைக்கு நடக்கற காரியம் இல்ல.

மூணாவது, சர்வர்ல செக்யூரிட்டி லெவலை இறக்கி 1.0-ஐ திரும்ப தொறக்கறது. என்னோட வேலை பாக்குறவருக்கு இது புடிக்கல. "தற்காலிகம்னு தொறந்ததை யாரு திரும்ப சாத்துனாங்க"ன்னு கேட்டாரு, அதுல நியாயம் இருக்கு. நான் சொன்னது, இத்தனை வருஷம் தொறந்தேதான் இருந்துச்சு, இன்னும் நாலு நாள்ல புதுசா ஒண்ணும் ஆகாது, புது பிரௌசர்களை 1.0-க்கு இறக்கி விடறது சுலபமும் இல்ல, ஆனா சாத்தற தேதியை இப்பவே எழுதி வச்சுட்டு தொறப்போம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணின்னு எழுதி அவங்க மேனேஜருக்கும் மெயில் போட்டோம். அப்புறம் இந்த ஒரு வரி:

```
ssl_ciphers DEFAULT:@SECLEVEL=1;
```

ரீலோட் பண்ணோம், மத்தியானம் மூணு பத்துக்கு ஹேண்ட்ஹெல்ட் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பிச்சுது.

அந்த நாலு நாளை சும்மா விடல. இந்த ஃபார்மட்டை access_log-ல சேத்து, யாரு எந்த வெர்ஷன்ல வர்றாங்கன்னு லாக்ல எழுத வச்சோம்:

```
log_format tls '$time_local $remote_addr $ssl_protocol "$http_user_agent"';
```

கனெக்ஷன் ஜெயிச்சாதான் இந்த வரி விழும், அதனாலதான் இதை தொறந்து வச்சிருக்கும்போதே எண்ணணும், சாத்துன பிறகு எண்ண முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில பாத்தா பதினாலு ஹேண்ட்ஹெல்ட்ல பதிமூணு (ஒண்ணு நாங்க ரீசெட் பண்ணி கெடுத்தது), ஒன்பது பிசி, எதிர்பாத்ததுதான். கூடவே ராத்திரி ரெண்டரைக்கு ஒரு ஐபி, யூசர் ஏஜென்ட் ஜாவா 7. விசாரிச்சா அது சப்ளையர் ஒருத்தரோட ஸ்கிரிப்ட், தினமும் ராத்திரி ஸ்டாக் எண்ணிக்கையை எடுத்துட்டு போறது. ஞாயித்துக்கிழமை அதிகாலையும் திங்கக்கிழமை அதிகாலையும் அது தோத்திருக்கு, ஆனா யாரும் புகார் பண்ணல, ஏன்னா அதை யாரும் பாக்கறதே இல்ல.

## ஒவ்வொண்ணா சரி பண்ணது

சப்ளையர் ஸ்கிரிப்ட் சுலபம். அவங்க ஆள்கிட்ட ஜாவா ஓடுற கமாண்ட்ல `-Dhttps.protocols=TLSv1.2` சேக்க சொன்னோம், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

விண்டோஸ் 7 பிசியில டாட்நெட்டுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பு இருக்கு, அதை வச்சா புரோகிராமை தொடாமலே டீஃபால்ட் மாறி 1.2-ம் சேந்துக்கும்:

```
reg add "HKLM\SOFTWARE\Microsoft\.NETFramework\v4.0.30319" /v SchUseStrongCrypto /t REG_DWORD /d 1 /f
```

ஒன்பதுலயும் போட்டோம். வெள்ளிக்கிழமை நேரா சாத்தாம, முன்னாடி வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் சாத்திப் பாத்தோம். எங்க கண்டுபிடிப்பு இல்ல இது, கிட்ஹப் 2018 பிப்ரவரியில பழைய வெர்ஷனை நிறுத்தறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மணி நேரம் இப்படி சாத்திப் பாத்தாங்க. அந்த ஒரு மணி நேரத்துல எங்க பிசியில ரெண்டு படுத்துக்கிச்சு. ஏழு ஓடுது, ரெண்டு ஓடல, ரெஜிஸ்ட்ரி எல்லாத்துலயும் ஒண்ணு போலத்தான் இருக்கு. கடைசியில பாத்தா அந்த ரெண்டு மட்டும் 64-பிட் விண்டோஸ், புரோகிராம் 32-பிட். 64-பிட் விண்டோஸ்ல 32-பிட் புரோகிராம் ரெஜிஸ்ட்ரியை வேற கிளையில படிக்கும், `HKLM\SOFTWARE\Wow6432Node\Microsoft\.NETFramework\v4.0.30319`. அங்கயும் அதே மதிப்பை போட்டதும் சரியாச்சு. அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா இது வெள்ளிக்கிழமை ராத்திரி பில்லிங் நேரத்துல வெடிச்சிருக்கும்.

ஹேண்ட்ஹெல்ட்தான் பெரிய வேலை. ஆப்பை மாத்த முடியாது, அதனால 1.0-ஐ கோடவுனுக்குள்ளயே அடைச்சு வைக்கலாம்னு முடிவு பண்ணோம். ஒரு சின்ன பிசியில என்ஜின்எக்ஸ் போட்டு, ஹேண்ட்ஹெல்ட் இருக்கற தனி வைஃபைல மட்டும் அந்த சைட் பேருக்கு டிஎன்எஸ் அந்த பிசியை காட்டற மாதிரி வச்சோம். உள்ள இருந்து 1.0-ல வாங்கி, வெளிய மெயின் சர்வருக்கு 1.2-ல பேசும். இன்டர்நெட் பக்கம் 1.0 எங்கயும் இருக்காது. அதே பேருக்கு சர்டிஃபிகேட் வேணும்ல, மெயின் சர்வரோட பிரைவேட் கீயை தூக்கிட்டு போய் கோடவுன்ல வைக்க மனசு வரல, டிஎன்எஸ் வழியா சரிபாத்து தனி சர்டிஃபிகேட் வாங்குனோம்.

ஆன் பண்ணதும் பத்து செகண்ட்ல அந்த பிசி மூச்சு திணற ஆரம்பிச்சுது, எர்ரர் லாக் முழுக்க `worker_connections are not enough`. ஆக்சஸ் லாக்ல வர்ற ஐபி எல்லாம் அந்த பிசியோட சொந்த ஐபி. என்ன ஆச்சுன்னா அந்த பிசியும் அதே வைஃபையோட டிஎன்எஸ்ஸைத்தான் கேட்டுச்சு, மெயின் சர்வர் எங்கன்னு கேட்டா "நீதான்"னு பதில், தன்கிட்டயே தானே அனுப்பிக்கிட்டு சுத்துச்சு. சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. பேருக்கு பதிலா ஐபியை நேரா எழுதி, பேரை தனியா சொல்ல வச்சோம்:

```
proxy_pass https://203.0.113.10;
proxy_ssl_server_name on;
proxy_ssl_name app.example.org;
proxy_set_header Host app.example.org;
```

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மெயின் சர்வர்ல அந்த ஒரு வரியை எடுத்துட்டோம். போன் வரல. சனிக்கிழமையும் வரல.

## அதுக்கப்புறம்

மூணு வாரம் கழிச்சு அந்த கான்ஃபிக்கை வேற ஒருத்தருக்கு காட்டுனப்ப அவரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இது மெயின் சர்வரோட சர்டிஃபிகேட்டை சரி பாக்குதா?" இல்ல. என்ஜின்எக்ஸ் பிராக்சியா இருக்கும்போது அந்தப் பக்கத்து சர்டிஃபிகேட்டை டீஃபால்ட்டா சரிபாக்கறதில்ல. மூணு வாரமா அந்த பிசி யாரு வந்து "நான்தான் சர்வர்"னு சொன்னாலும் நம்பியிருக்கும். 1.0-ஐ விட்டு ஓடப் போய் அதை விட மோசமான ஓட்டையை நாங்களே போட்டிருந்தோம். `proxy_ssl_verify on`-ம் `proxy_ssl_trusted_certificate`-ம் அன்னைக்கே சேத்தோம். அதை யாரும் பயன்படுத்துன மாதிரி அடையாளம் எதுவும் கிடைக்கல, ஆனா அப்படி பயன்படுத்தியிருந்தா அடையாளமும் இருந்திருக்காது, அதனால இதுல நிம்மதியா இருக்க எனக்கு முடியல.

அஞ்சு மாசத்துல ஹேண்ட்ஹெல்ட் எல்லாம் புதுசு வாங்கிட்டாங்க. அந்த சின்ன பிசியோட லாக்ல TLSv1 வரி ஒவ்வொரு வாரமும் குறைஞ்சு, கடைசியில மூணு வாரம் தொடர்ந்து பூஜ்யம். பிசியை அணைச்சு எடுத்துட்டோம்.

## மறுபடி செய்யணும்னா என்ன மாத்துவோம்

லாக்ல வெர்ஷன் எழுதற அந்த ஒரு வரியை மைக்ரேஷனுக்கு முன்னாடியே போட்டிருப்போம். நாலு நாள்ல கிடைச்ச பட்டியல் மொத்தமும் முன்னாடியே கையில இருந்திருக்கும். இப்ப நாங்க பாத்துக்கற எல்லா சர்வர்லயும் அது இருக்கு, எர்ரர் லாக்கும் ஓஎஸ் மாத்தற வாரம் மட்டும் info-ல ஓடுது. எப்பவும் info-ல விட்டா கண்ட கண்ட ஸ்கேனர் எல்லாம் வந்து தட்டறதுல லாக் ரொம்பிடும், அதனால அந்த ஒரு வாரம் மட்டும்.

மானிட்டரிங் ஏன் பச்சையா இருந்துச்சுன்னா அதுவும் ஒரு புது கிளையன்ட். சர்வர் உயிரோட இருக்கான்னுதான் அது பாத்துச்சு, உள்ள வர்றவங்க வர முடியுதான்னு பாக்கல. இப்ப அந்தந்த இடத்துல இருந்து கடைசி ஒரு மணி நேரத்துல ரிக்வெஸ்ட் வந்துச்சான்னு தனியா எண்ணறோம், வேலை நேரத்துல பூஜ்யம்னா போன் அடிக்கும்.

போன்ல முதல் கேள்வியா "அதே மெஷின்ல பிரௌசர்ல தொறக்குதா"ன்னு கேக்கறது பழக்கமாயிடுச்சு. ஃபேக்டரி ரீசெட் பண்ண சொல்றதில்ல.

ஆனா லாக்ல எண்ணறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, அதையும் பாத்துட்டோம். சின்ன பிசியை எடுத்து ஆறு வாரம் ஆன பிறகு கோடவுன் சூப்பர்வைசர்கிட்ட இருந்து போன். வருஷாந்திர ஸ்டாக் எண்ணிக்கைக்கு ஆள் அதிகமா வேணும்னு பழைய அலமாரியில இருந்து ஒரு ஹேண்ட்ஹெல்ட்டை எடுத்து சார்ஜ் போட்டிருக்காங்க. பதினஞ்சாவது. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளிய வர்றது, எங்க பட்டியல்ல எங்கயுமே இல்லாதது. திரையில "நெட்வொர்க் இல்லை". அவரே சொன்னாரு, "குரோம்ல தொறக்குது சார், பாத்துட்டேன்." அந்த எண்ணிக்கை முடியற வரைக்கும் அந்த ஆளை குரோம்லயே கையால நம்பர் அடிச்சு பதிய சொல்லிட்டோம்.